நெய்க் கசண்டும் வெண்ணெய் எடுத்த மோரும்

கேள்வி: நெய் காய்ச்சியபின் அடியில் நிற்கும் கசண்டையும் வெண்ணெய் எடுத்த மோரையும் இனிப்பு, சட்னி, கேக் ஆகியவற்றில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் கசண்டின் நிறத்தை முதலில் பாருங்கள். பொன்னிறமாக இருந்தால் அது வறுபட்ட பால் புரதமும் பால் சர்க்கரையும்தான்; கருகியிருந்தால் அந்தக் கசப்பு எவ்வளவு வெல்லத்துக்கும் அடங்காது. 2 மேசைக்கரண்டி கசண்டில் 1 மேசைக்கரண்டி சூடான பாலை ஊற்றிச் சற்று ஊறவிட்டால் நறநறப்பு குறையும். பிறகு அரைக் கோப்பை வறுத்த கோதுமை மாவு, கால் கோப்பை பொடித்த வெல்லம் ஆகியவற்றோடு பிசைந்து, பிடிபடாவிட்டால் மட்டும் சிறிது நெய் விட்டு உருண்டை பிடிக்கலாம். பால் சேர்ந்திருப்பதால் அன்றே தின்றுவிடுவது நல்லது. சட்னியில் அரைக்கும்போது 1 தேக்கரண்டி போதும்; கூடினால் காரம் மழுங்கிவிடும்.

கேக்குக்கு, உறை ஊற்றிய பாலாடையைக் கடைந்தெடுத்த புளித்த மோரே ஏற்றது. 1 கோப்பை மோருக்கு அரைத் தேக்கரண்டி சமையல் சோடா போதும். உறை ஊற்றாத பாலாடையின் மோரில் புளிப்பு இல்லாததால் சோடா சரியாகப் பொங்காது. கேக் அமுங்கி, சோடா வாடையும் நிற்கும். அதற்குப் பேக்கிங் பவுடர்தான் வேண்டும்.