வாயசைவுக்கு வசனம் எழுதுவது

கேள்வி: ஆங்கிலத் தொடரைத் தமிழில் டப்பிங் செய்யும்போது நீளமும் உதட்டசைவும் ஒத்துப்போகிற மாதிரி எப்படி எழுதுகிறார்கள்? நான் பழகிப் பார்த்தால் தமிழ் எப்போதும் நீண்டு விடுகிறது.

சில வருடங்களாக ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். என்னை அரை நாள் உட்கார வைத்த ஒரு வரியை வைத்தே சொல்கிறேன்.

தீப்பிடித்த வீடு. வாசலில் நிற்கும் மீட்புப் பணியாளர் ஒரு பெண்ணை வெளியே வரச்சொல்கிறார். அவள் முகம் திரை முழுக்க நிற்கிறது. “ஐம் நாட் லீவிங் விதவுட் மை பிரதர்” என்கிறாள். நேராக மொழிபெயர்த்தால் “என் தம்பி இல்லாமல் நான் இங்கிருந்து வர மாட்டேன்”. அர்த்தத்தில் குறையே இல்லை. ஆனால் அவள் வாயை மூடிய பிறகும் தமிழ் ஓடிக்கொண்டிருக்கும்.

நீளத்தை எழுத்தில் எண்ணாதீர்கள், உயிரொலியில் எண்ணுங்கள். ஒவ்வொரு உயிரொலிக்கும் வாய் ஒரு தடவை திறக்கிறது. ஒலியை நிறுத்திவிட்டு, அவள் வாய் திறக்கும்போதெல்லாம் மேஜையில் விரலால் தட்டிப் பாருங்கள். இந்த ஆங்கில வரியில் 9 தட்டு விழும். மேலே உள்ள தமிழ் வரியில் 15. நடிகை வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நெருப்புக்கு நடுவே உறுதியாகச் சொல்கிற வரி, வேகமாகச் சொன்னால் பதற்றமாக மாறிவிடும்.

பேச்சுத் தமிழுக்கு இறங்கினால் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். “நான்” வேண்டாம், வினையே சொல்லிவிடுகிறது. “இங்கிருந்து” வேண்டாம், படத்தில் தெரிகிறது. “தம்பி இல்லாம வரமாட்டேன்” என்று ஆக்கினால் சரியாக 9 வரும். நானும் முதலில் இதைத்தான் எழுதிக்கொடுத்தேன்.

அடுத்தது உதடு. ப, ம இரண்டும் இதழ் இரண்டும் சேர்ந்து பிறப்பவை என்றும், வ பல்லும் இதழும் சேர்ந்து பிறப்பது என்றும் பள்ளி இலக்கணத்தில் படித்திருப்போம். டப்பிங்கில் முதலில் பார்க்க வேண்டியவை இந்த மூன்றும்தான். தொண்டையிலோ நாக்கிலோ நடப்பது கேமராவுக்கு அதிகம் தெரியாது. க இருக்கும் இடத்தில் த வந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். உதடு மூடுவது மட்டும் கடைசி வரிசை வரை தெரியும். அந்த ஆங்கில வரியில் உதடு மூன்று தடவை மூடுகிறது: “ஐம்” முடிவில், “மை” தொடக்கத்தில், “பிரதர்” தொடக்கத்தில். இவற்றில் “ஐம்” அழுத்தம் இல்லாமல் ஓடிவிடுகிறது, அதை விட்டுக்கொடுக்கலாம். பின்னால் வரும் இரண்டும் அப்படி இல்லை.

என் 9 தட்டு வரியில் “மாட்டேன்” என்பதன் மா, ஆங்கில “பிரதர்” விழும் இடத்திலேயே விழுந்தது. சந்தோஷமாக இருந்தது. ஓட்டிப் பார்த்தபோதுதான் தப்பு தெரிந்தது. “மை” என்று சொல்லும்போது அவள் தலையைத் திருப்பி உள்ளே கிடக்கும் தம்பியைப் பார்க்கிறாள். என் வரியில் “தம்பி” என்ற சொல் பணியாளரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது, தம்பியைப் பார்க்கும்போது “மாட்டேன்” வருகிறது. கண் ஒன்று சொல்ல, வாய் இன்னொன்று சொன்னது. தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்தச் சிக்கல் திரும்பத் திரும்ப வரும். ஆங்கிலம் மறுப்பை முன்னாலேயே சொல்லிவிடும், நாம் கடைசியில்தான் சொல்வோம்.

கடைசியில் நின்ற வரி இது: “நாங்க வந்தா ரெண்டு பேரும்தான்.” இதுவும் 9 தட்டு. “பேரும்” என்பதன் பே சரியாக “மை” விழும் இடத்தில் விழுகிறது, அவள் கண் தம்பி பக்கம் திரும்புவதும் அப்போதுதான். “லீவிங்” என்பதில் பல் உதட்டைத் தொடும் இடத்துக்கு “வந்தா” ஒரு தட்டு முன்னால் வருகிறது, அது உறுத்தவில்லை. “பிரதர்” மூடலுக்கு மட்டும் என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்குள் அவள் முகம் பாதி திரும்பிவிட்டதால் தப்பித்தது. “தம்பி” என்ற சொல் போய்விட்டதே என்று வருத்தப்படத் தேவையில்லை, அவள் பார்வையே அதைச் சொல்லிவிடுகிறது. மறுப்பு போய் “தான்” வந்ததால் கடைசியில் எதிர்மறை வினை தொங்கும் பிரச்சினையும் இல்லாமல் போனது.

இதில் ஒரு பொறி இருந்தது. “நாங்க” என்பதற்குப் பதில் “நாம” போட்டால், ஆங்கில “ஐம்” மூடலுக்கும் ஒரு ம கிடைத்துவிடும். உதட்டுக்கு அவ்வளவு அழகு. ஆனால் “நாம” என்றால் எதிரே நிற்கும் பணியாளரும் கணக்கில் சேர்ந்துவிடுவார், அப்புறம் ரெண்டு பேர் யார் என்று குழம்பும். உதட்டுக்காக அர்த்தத்தைக் கெடுக்கும் சொல் பெரும்பாலும் இப்படிச் சின்னதாகத்தான் இருக்கும், அதனால்தான் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இன்னொன்றை நான் அடிபட்டுத்தான் கற்றேன். தாளில் இருக்கும் ம் எல்லாம் வாயில் ம் இல்லை. ஒரு தொடரில் “இட்ஸ் ஹிம்” என்ற வரி. புகைப்படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடிகர் உதட்டை இறுக மூடிக்கொள்கிறார், மூடிய உதட்டிலேயே ஷாட் நிற்கிறது. நான் “அதே முகம்” என்று எழுதினேன். ம் என்று முடிகிறது, பொருந்தும் என்று நம்பினேன். குரல் கொடுத்தவர் இயல்பாகப் பேசியதும் “மொகம்” என்பதன் கடைசி, மூக்கொலி கலந்த ஓகாரமாக நின்றது. பேச்சில் படம், நேரம் எல்லாமே அப்படித்தான் முடியும், வேணும் மூக்கொலி கலந்த உகரமாக முடியும், எதிலும் உதடு சேராது. உதட்டைச் சேர்த்துச் சொல்லச் சொன்னால் பாடப்புத்தகம் வாசிப்பதுபோல ஆகிவிடுகிறது. சொல்லுக்கு நடுவே வரும் ம்ம, ம்ப, ப்ப மூன்றையும் நம்பலாம்: அம்மா, நம்பு, அப்பா. டைம், டீம் போன்ற ஆங்கிலச் சொற்களிலும் கடைசி ம் மூடும். அந்த ஷாட்டில் நடிகர் லேசாகத் தலையாட்டியதால் “அவன்தான்... ம்ம்” என்று மாற்றி எடுத்தோம்.

ஆகவே எழுதியதை உங்கள் வாயால், வீட்டில் பேசுவது போலப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். கையில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

எல்லா வரிக்கும் இவ்வளவு பாடுபட முடியாது, தேவையும் இல்லை. எழுதத் தொடங்கும் முன் முகம் தெரியும் வசனம் எது, முதுகு மட்டும் தெரிவது எது, ஆள் திரைக்கு வெளியே இருந்து பேசுவது எது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முதுகு தெரியும் இடத்தில் வாய் உங்களுக்கு இடைஞ்சல் செய்யாது. அடுத்த ஷாட்டில் பேச்சு தொடங்கும் வரை நேரம் உங்களுடையது. குளோஸ்-அப்பில் சுருக்கியபோது விட்டுப்போன விவரத்தை நான் அங்கேதான் வைக்கிறேன். அந்தத் தீ விபத்துக் காட்சியிலும் அவள் திரும்பி உள்ளே ஓடும்போது, முதுகு காட்டியபடி சொல்லும் வரியில் “என் தம்பி உள்ளே கிடக்கான்” என்று சேர்த்துவிட்டேன்.