“ஆக்ஸிஜன் ஓடுது” என்று சொன்ன அந்த இரவு

கேள்வி: டாக்டர், செங்கோட்டை பக்கம் ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். 2021 மே மாதம், நைட் ட்யூட்டி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சின்ன சிலிண்டர். ட்யூட்டி டாக்டர் போனில் சொன்னபடி 38 வயதுக்காரருக்கு மாட்டினேன், ஆம்புலன்ஸ் வந்து அவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனது. ஆரியங்காவில் இருந்து வந்த 71 வயதுப் பெரியவர் விடிவதற்குள் போய்விட்டார். “அப்பாவுக்கு ஆக்ஸிஜன் ஓடுதா சிஸ்டர்” என்று மகன் வாசலில் கேட்டபோது “ஓடுது” என்றேன். இப்போது வேறு இடத்தில் வேலை. எல்லோரும் பர்ன்அவுட், ரெஸ்ட் எடு என்கிறார்கள். இருபது நாள் லீவு போட்டேன், இன்னும் மோசமானது. எனக்கு என்ன டாக்டர்?

பதில்: சிஸ்டர், லீவில் மோசமானது என்று எழுதியிருக்கிறீர்களே, நான் பிடித்துக்கொள்வது அந்த வரியைத்தான். பர்ன்அவுட் என்றால் வேலையில் உடம்பும் மனசும் வற்றிப்போவது, நோயாளி மேல் ஒட்டுதல் போய்விடுவது, என்ன செய்தாலும் பிரயோஜனமில்லை என்று படுவது. பத்து நாள் அம்மா வீட்டில் தூங்கி எழுந்தால் பெரும்பாலும் கொஞ்சமாவது தெளியும், திரும்ப அதே வார்டுக்குப் போனதும் ஏறிக்கொள்ளும். உங்களுக்கு நேர் எதிராக நடக்கிறது. வேலை ஓட்டத்தில் மறைந்திருந்தது, சும்மா உட்கார்ந்ததும் மேலே வருகிறது. “என்னால் முடியவில்லை” என்பது பர்ன்அவுட்டின் பேச்சு, “நான் இப்படிச் செய்துவிட்டேனே, என்னை இப்படிச் செய்ய வைத்துவிட்டார்களே” என்பது வேறு. அதை மாரல் இஞ்சுரி என்கிறோம், மனசாட்சியில் பட்ட காயம் என்று சொல்லலாம். வியட்நாம் போரில் இருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனாதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதைப் பேச ஆரம்பித்தார். பொறுப்பில் இருப்பவரே நியாயத்தைக் கைவிடும்போது கீழே இருப்பவருக்குப் படும் அடி என்பது அவர் சொன்னதன் சாரம்.

சரி, அந்த இரவைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். சின்ன பி டைப் சிலிண்டர் முழுசாக இருந்தால் சுமார் 1500 லிட்டர். பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் 100 நிமிடம் வரும். இரண்டு பேருக்கும் பிரித்திருந்தால் 50 நிமிடம்தான், அதற்குள் ஆம்புலன்ஸ் வந்திருக்குமா? அளவைக் குறைத்து ஓட்டலாம் என்றால், 10 லிட்டருக்குக் கீழே போனதும் அந்தப் பை சப்பிப்போகும், மாஸ்க் இருந்தும் பயனில்லை. அதாவது இரண்டு பேரையும் காப்பாற்றும் வழி உங்கள் கையில் இருக்கவே இல்லை. அப்படி ஒரு முடிவை ஒரே டாக்டர் போனில் சொல்ல, ராத்திரியில் ஒரு நர்ஸ் தனியாக நின்று நிறைவேற்றும்படி விட்டதே தப்பு, யாருக்கு முதலில் என்பதைப் படுக்கைப் பக்கம் நிற்காத மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து முடிவுசெய்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டால் ஆறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். சிலிண்டர் பற்றி இரண்டே வாக்கியம், அந்த மகன் கேட்டதும் நீங்கள் சொன்னதும் வார்த்தை மாறாமல் அப்படியே இருக்கிறது. காயம் அங்கேதான் என்று எனக்குப் படுகிறது. பலருக்கும் இப்படித்தான், பெரிய முடிவு ஓரளவு செரித்துவிடும், அதன் பக்கத்தில் நடந்த சின்னது ஒன்று முள்ளாக நிற்கும். “உன் தப்பே இல்லை” என்று யார் சொன்னாலும் உங்களுக்கு ஒட்டாததும் அதனால்தான், அவர்கள் சிலிண்டரைப் பற்றிப் பேசுகிறார்கள், நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள்.

அந்தப் பொய் உங்களுடையதுதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்திடம் உண்மையைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், அவர் போனில் இருந்தார், வாசலில் நீங்கள் மட்டும் இருந்தீர்கள். இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இதற்குச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவர் அல்லது கிளினிகல் சைக்காலஜிஸ்டிடம் போனால் “டிப்ரஷன்” என்று மட்டும் சொல்லாமல் அந்த வாசலைச் சொல்லுங்கள். நீங்கள் மதிக்கும் ஒரு மூத்த சிஸ்டர் எதிரே உட்கார்ந்து எல்லாம் கேட்டால் என்ன சொல்வார் என்று அவர் வாயாலேயே பேசிப்பார்க்கச் சொல்வார்கள், கேட்க விளையாட்டாக இருக்கும், செய்யும்போது அழுகை வரும். அந்த மகனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அனுப்ப வேண்டாம். நேரில் போய்ச் சொல்வதா என்பதைத் தனியாக முடிவு செய்யாதீர்கள், உங்கள் பாரம் இறங்கி அவர் மேல் ஏறிவிடக்கூடாது. அன்றைக்கு உங்களோடு ட்யூட்டியில் இருந்த ஒருவரிடமாவது பேசுங்கள், அவருக்கும் இதே போல் ஒன்று இருக்கலாம்.

அப்புறம் ஒன்று. அந்தக் காட்சி திடீரென்று கண்முன் வந்து படபடக்கிறது, மருத்துவமனை வாசனைக்கே பயம் வருகிறது என்றால் பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் பிடிஎஸ்டி என்ற மனநலப் பாதிப்பும் சேர்ந்திருக்கலாம், அதற்கு வைத்தியம் தனி. தூக்க மாத்திரையை வார்டில் இருந்து எடுத்துப் போடும் பழக்கம் வந்திருந்தாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ, அப்பாயிண்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.