விபரக்கோவையில் எல்லாம் இருக்கிறது. எதை வைத்து நம்புவது?

"எங்கள் களஞ்சியத்துக்குப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் தேவை. அனுமதிப்பத்திரம், சம்பவப் பதிவு அனுபவம், கடமை அட்டவணை தயாரிக்கும் திறன் மூன்றும் விளம்பரத்தில் கேட்டிருந்தோம். வந்த விபரக்கோவையில் மூன்றும் இருப்பதாகவே எழுதப்பட்டுள்ளது. எப்படிச் சரிபார்ப்பது?"

நீங்கள் கிளிநொச்சிப் பக்கம் நெல்லோ உரமோ வைக்கும் களஞ்சியம் ஒன்றை நடத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படியான ஓர் இடத்தின் நிருவாகத்தில் இருந்து ஆட்களைத் தெரிவு செய்பவன்.

முதலில் அனுமதிப்பத்திரம். 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற வேண்டியது நிறுவனமே. ஆகவே "பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் உடையவர்" என்ற வரியைக் கண்டால், அது முன்னைய நிறுவனத்தின் பதிவா, சாரதி அனுமதிப்பத்திரமா, டுபாயில் வேலை செய்தபோது கிடைத்த அட்டையா என்று கேளுங்கள். வெளிநாட்டு அட்டை இங்கே செல்லாது. ஆனால் அவர் ஒரு பயிற்சியை முடித்தவர் என்பதற்கு அது சான்றாகும். 2008 முதல் 2010 வரை விபரக்கோவை வெறுமையாக இருந்தால், வன்னியில் இருப்பவர் அதற்கு விளக்கம் கேட்கத் தேவையில்லை. சலுகை காட்டச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பொலிஸ் நற்சான்றிதழும் கிராம அலுவலரின் சான்றிதழும் இன்றைய திகதியில் பெறக்கூடியவை, அவற்றைக் கட்டாயம் கேளுங்கள்.

சம்பவப் பதிவுக்கு "பல சம்பவங்களைக் கையாண்டவர்" என்ற வரி எதையும் சொல்லாது. ஒரு தாளைக் கொடுத்து, இரவில் களஞ்சியக் கதவின் முத்திரை உடைந்திருந்ததாக வைத்துக்கொண்டு ஒரு பதிவு எழுதச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் கண்ட நேரத்தையும் அறிவித்த நேரத்தையும் தனித்தனியே எழுதுவார். யாருக்கு அறிவித்தார், அவர் வரும்வரை கதவடியில் யார் நின்றார் என்பதையும் சேர்ப்பார். "திருடர்கள் வந்துள்ளனர்" என்று எழுதாமல் "முத்திரை அறுந்து நிலத்தில் கிடந்தது" என்று எழுதுவார். பிழை விட்டால் அதன்மேல் ஒற்றைக் கோடு கீறிக் கையொப்பம் வைப்பார். அழித்து எழுத மாட்டார்.

ஆனால் எனக்கு அதிகம் சொல்ல இருப்பது கடமை அட்டவணையைப் பற்றியே. எங்களுக்கு வந்த ஒரு விபரக்கோவையில், "மூன்று காவலிடங்களை ஐந்து உத்தியோகத்தர்களைக் கொண்டு ஒரு நாளும் வெற்றிடமின்றி நடத்தினேன்" என்று இருந்தது. நேர்முகத் தேர்வுக் குழுவில் இருந்த மற்றவர்கள் அதைப் பெரும் திறமை என்றார்கள். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். முன்வாயிலும் களஞ்சியமும் இரவு பகலாகக் காக்கப்பட வேண்டியவை. பின்வேலிக்கு இரவில் மட்டும் ஆள் வேண்டும். பன்னிரண்டு மணி நேர முறையில் ஒரு நாளைக்கு ஐந்து கடமைகள், கிழமைக்கு 35. ஐந்து பேர் என்றால் ஒவ்வொருவரும் ஏழு நாளும் நின்றிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து ஆறு பேரை வைத்தால் 36 கடமைகள் வரும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தால் அதுவும் போதாது. ஏழு பேர் இருந்தால்தான் அட்டவணை நிற்கும். மேற்பார்வையாளரை அந்த ஏழு பேரில் ஒருவராக எண்ணவும் கூடாது. வாயிலில் நிற்பவர் மற்றவர்களைச் சுற்றிப் பார்க்க முடியாது.

இதை அந்த விண்ணப்பதாரரிடமே கேட்டேன். "ஐயா, ஐந்து பேரைத்தான் தந்தார்கள். ஓய்வு கொடுத்த நாளில் அந்த இடத்தில் நானே நின்றேன்," என்றார். மேலும் இருவர் தேவை என்று தாம் கொடுத்த கடிதத்தின் பிரதியையும் கோவையிலிருந்து எடுத்துக் காட்டினார். குறைந்த விலைக்கு ஒப்பந்தத்தை எடுத்துவிட்டு, அந்தக் குறையைக் காவலாளிகளின் தூக்கத்திலிருந்து ஈடுசெய்யும் நிறுவனங்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. அந்தக் கோபத்தை விண்ணப்பதாரர் மீது காட்டக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். விபரக்கோவையில் பெருமையாகத் தெரிந்த வரியைவிட, அதில் எழுதாமல் விட்ட அந்தக் கடிதமே அவர் அட்டவணை போடத் தெரிந்தவர் என்பதைக் காட்டியது.

அதன்பின் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. பெரும்போக அறுவடையில் லொறிகள் நடு இரவிலும் வரும்போது என்ன செய்வீர்கள் என்றேன். மாசி, பங்குனியில் விடுமுறைகளை முன்கூட்டியே பேசி ஒதுக்கி, நிறுவைத் தராசடிக்கு இரவில் ஒருவரைக் கூடுதலாகப் போட வேண்டும், அப்போது கடமைகள் 42 ஆகிவிடும், ஏழு பேருக்கும் மிச்சமே இருக்காது, எட்டாவது ஆளைத் தற்காலிகமாகக் கேட்பேன் என்றார். நாங்கள் அவரை எடுத்தோம். எட்டாவது ஆளின் சம்பளத்துக்கு அனுமதி பெறும் கடிதத்தை நான் எழுதினேன்.