ஜப்பானில் 2 சதவீதக் கடன், இங்கே 7 சதவீத டெபாசிட்: நடுவில் நிற்கும் யென்

*மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தம்பி டோக்கியோவில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். அங்கே பேங்கில் 2 சதவீதத்துக்குக் கடன் கிடைக்குமாம். அதை வாங்கி இங்கே வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. டெபாசிட்டில் 7 சதவீதத்துக்குப் போட்டால் உட்கார்ந்த இடத்தில் 5 சதவீதம் மிச்சம் என்கிறான். கும்பகோணத்தில் தெரிந்தவர் ஒருவர், இதையே மொபைல் ஆப்பில் 10 மடங்காகச் செய்யலாம், அப்பா பெயரில் நகைக்கடன் வாங்கிப் போடுங்கள் என்கிறார். செய்யலாமா?*

ஆப் வேண்டவே வேண்டாம். நகைக்கடன் வாங்கி அதில் போடுவது இன்னும் மோசம். தம்பியின் யோசனைக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. கடனை எந்தப் பணத்தில் அடைக்கப்போகிறார் என்பதைப் பொறுத்தது அது.

அவர் சொல்வதற்குச் சந்தையில் கேரி டிரேட் என்று பெயர். வட்டி குறைந்த நாணயத்தில் கடன் வாங்கி, வட்டி கூடிய நாணயத்தில் போட்டு, நடுவில் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்வது. கடன் யென்னில், டெபாசிட் ரூபாயில். ஆகவே வட்டி வித்தியாசம் கைக்கு வருமா என்பதைத் தீர்மானிப்பது வட்டி அல்ல, கடனை அடைக்கும் நாளில் யென் என்ன விலைக்கு விற்கிறது என்பதுதான்.

கணக்காகவே பார்ப்போம். 50 லட்சம் யென் கடன், வட்டி 2 சதவீதம், ஓராண்டு கழித்து மொத்தமாக அடைப்பதாக வைத்துக்கொள்வோம். 100 யென் 52 ரூபாய் என்றால் கையில் 26 லட்சம் ரூபாய். 7 சதவீதத்தில் ஓராண்டு வட்டி 1,82,000 ரூபாய். யென் கடனுக்கு வட்டி 1 லட்சம் யென், அதாவது 52,000 ரூபாய். மிச்சம் 1,30,000. தம்பி போட்ட கணக்கு இதுதான். யென் அசையாமல் இருந்தால் சரியான கணக்கும்கூட.

ஆண்டு முடிவில் கையில் இருப்பது 27,82,000 ரூபாய், வாங்க வேண்டியது 51 லட்சம் யென். 100 யென் 54 ரூபாய் 55 காசைத் தொட்டாலே லாபம் முழுக்கப் போய்விடும். இதில் பணத்தை மாற்றும் செலவைச் சேர்க்கவில்லை. யென்னை ரூபாயாக்கும்போதும் திரும்ப யென்னாக்கும்போதும் வங்கி தன் பங்கை விலையிலேயே வைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் 1 சதவீதம் என்று வைத்தால், லாபமும் நஷ்டமும் இல்லாமல் நிற்கும் எல்லை 53 ரூபாய் 46 காசுக்கு இறங்கிவிடுகிறது. யென் ஓராண்டில் 3 சதவீதம்கூட ஏறக் கூடாது. நாணயச் சந்தையில் 3 சதவீதம் என்பது ஒரு வாரத்தில் வந்துபோகிற அசைவு.

அப்படியானால் இது நல்ல வழி என்ற பேச்சு எப்படி வந்தது? 2021 தொடக்கத்தில் 100 யென் ஏறத்தாழ 70 ரூபாய். 2024 ஜூலையில் 52 ரூபாய்க்கு அருகில் வந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் யென்னில் கடன் வாங்கியவருக்கு வட்டி வித்தியாசமும் கிடைத்தது, அடைக்க வேண்டிய கடனே ரூபாய்க் கணக்கில் சுருங்கவும் செய்தது. அமெரிக்க வட்டி 5 சதவீதத்துக்கு மேல் போனபோதும் ஜப்பான் வட்டி பூஜ்யத்தை ஒட்டியே இருந்ததால் உலகம் முழுக்கப் பெரிய நிதிகள் யென்னைக் கடன் வாங்கி விற்றுக்கொண்டிருந்தன. விற்க விற்க யென் இறங்கியது; இறங்கியதைப் பார்த்து இன்னும் பலர் சேர்ந்தார்கள். 2024 ஜூலை தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 162 யென் அளவுக்குப் போனது. பிற்பாடு தேதிக்கு இன்றே விலை பேசும் அமெரிக்க ஃபியூச்சர்ஸ் சந்தையில் ஊக வணிகர்கள் யென்னை விற்று வைத்திருந்த நிலை அப்போது 2007-க்குப் பிறகு காணாத அளவு.

பிறகு நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்கிறேன், தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள். ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக்கியது. ஏற்றம் கால் சதவீதம்கூட இல்லை. ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை எதிர்பார்த்ததைவிட மோசமாக வந்தது. அங்கே வட்டி சீக்கிரம் குறையும் என்று சந்தை முடிவு கட்டியது. ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை, டாலர் 142 யென்னுக்குக் கீழே தொட்டது. டோக்கியோ பங்குச்சந்தைக் குறியீடான நிக்கேய் அன்று ஒரே நாளில் 12.4 சதவீதம் விழுந்தது. 1987-க்குப் பிறகு அதன் மிகப் பெரிய ஒருநாள் சரிவு. ஏறத்தாழ ஒரு மாதத்தில் யென் டாலருக்கு எதிராக 14 சதவீதம் ஏறியிருந்தது, அதிலும் பெரும்பகுதி கடைசிச் சில நாட்களில்.

கால் சதவீத வட்டி இவ்வளவு செய்யுமா என்று கேட்கத் தோன்றும். வட்டி செய்ததல்ல இது, கூட்டம் செய்தது. குறுவை அறுவடை நேரத்தில் நாளைக்குக் கனமழை என்று செய்தி வந்தால் எல்லோரும் ஒரே நாளில் அறுவடை மெஷினைத் தேடுவார்கள். மணி வாடகை எங்கோ போய் நிற்கும். யென் கடன் வாங்கியவர்கள் எல்லோரும் கடனை அடைக்க யென்தான் வாங்கியாக வேண்டும். யென் சற்று ஏறியதும், கொஞ்சம் சொந்தப் பணமும் நிறையக் கடனுமாக நிற்பவரிடம் புரோக்கர் கூடுதல் மார்ஜின், அதாவது ஈட்டுப் பணம் கேட்பார். கட்ட முடியாதவரின் கணக்கு மூடப்படும், அதாவது அவர் பெயரில் யென் வாங்கப்படும். அந்த வாங்கலே யென்னை இன்னும் ஏற்றும். அடுத்தவருக்கு மார்ஜின் கேட்பு போகும். விற்றபோது மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டவர்கள் வாங்கும்போது மூன்று நாளில் வாங்க வேண்டியிருக்கிறது. கேரி டிரேடில் லாபம் சொட்டுச் சொட்டாக வருவதும் நஷ்டம் மொத்தமாக வருவதும் இதனால்தான். 1998 அக்டோபரிலும் 2008-இலும் யென் இப்படித்தான் பாய்ந்தது.

நம் ரூபாய்க்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. டாலருக்கு எதிரான ரூபாயின் அசைவை ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியும் விற்றும் மட்டுப்படுத்துகிறது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் யென்னும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். யென்-ரூபாய் விலை டாலர் வழியாக வருவது. டாலருக்கு எதிராக யென் துள்ளினால் அது அப்படியே நம் கணக்கில் இறங்கும். உலகம் பயந்த நாளில் ரூபாயும் டாலருக்கு எதிராகச் சரியும், அடி இரண்டு பக்கமும் விழும். 2024 ஆகஸ்ட் 5 அன்று ரூபாய் அதுவரை காணாத தாழ்வுக்குப் போனது; 100 யென் 58, 59 ரூபாய் வாக்கில் நின்றது.

ஜூலையில் 52 ரூபாய்க்கு மாற்றிப் போட்டவர் அன்று பயந்து டெபாசிட்டை உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்.ஆர்.இ. டெபாசிட்டை ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டி ஒரு ரூபாய்கூடக் கிடையாது. கையில் 26 லட்சம் மட்டும். 58 ரூபாய் 50 காசு விலையில் அதற்கு 44.4 லட்சம் யென்தான் வரும், கடனோ 50 லட்சம். துண்டு விழுவது 5.5 லட்சம் யென்னுக்கு மேல், நம் பணத்தில் மூன்றே கால் லட்சம் ரூபாய். இரண்டரை ஆண்டு வட்டி வித்தியாசம் ஒரு மாதத்தில் போய்விடுகிறது.

இதே இடத்தில்தான் தம்பிக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. அவர் சம்பளம் யென்னில் வருகிறது. கடன் தவணையைச் சம்பளத்திலிருந்தே கட்டி, இந்தியாவில் உள்ள டெபாசிட்டைத் தொடாமல் இருக்க முடியுமென்றால், யென் ஏறிய நாளில் அவரை யாரும் விரட்ட முடியாது. 2024-இலும் ஆகஸ்ட் நடுவில் டாலர் மறுபடி 149 யென் பக்கம் வந்தது. காத்திருக்க முடிந்தவருக்கு அடியின் ஒரு பகுதி திரும்பியது, கணக்கு மூடப்பட்டவருக்குத் திரும்பவில்லை. ஆனாலும் நஷ்டம் மறைந்துவிடாது: தவணை கட்டிய யென்னை அவர் ஊருக்கு அனுப்பியிருந்தால் அதிக ரூபாய் கிடைத்திருக்குமே, அதுதான் அவர் இழந்தது.

எனவே தம்பியிடம் இவற்றைக் கேளுங்கள். வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் போக மாதத் தவணை சம்பளத்தில் தாராளமாக அடங்குமா? வேலை போனால் ஆறு மாதத் தவணைக்கான யென் ஜப்பான் கணக்கிலேயே தனியாக இருக்கிறதா? அந்த 2 சதவீதக் கடன் உண்மையில் எதற்கான கடன்? அவ்வளவு குறைந்த வட்டி பெரும்பாலும் வீடு, கார் போன்ற குறிப்பிட்ட தேவைக்குக் கொடுப்பது. அதை வாங்கி வெளிநாட்டில் டெபாசிட் போடுவது ஒப்பந்த மீறல், வங்கி மொத்தக் கடனையும் உடனே கேட்கலாம். எதற்கும் செலவழிக்கலாம் என்று கொடுக்கும் கார்டு கடனின் வட்டி பலருக்கு 10 சதவீதத்தைத் தாண்டும். அங்கேயே வித்தியாசம் முடிந்துவிடும். வட்டி மாறக்கூடியதா என்பதையும் பார்க்கட்டும். ஜப்பான் மத்திய வங்கி 2025 ஜனவரியில் 0.5 சதவீதத்துக்கு ஏற்றியது. ஏறும் பாதையில்தான் இருக்கிறது.

யென் விலையை முன்கூட்டியே பூட்டிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வங்கியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் போடலாம், ஆனால் ஓராண்டு கழித்து யென் வாங்க இன்று சொல்லும் விலையில் இரு நாட்டு வட்டி வித்தியாசம் ஏற்கெனவே ஏறியிருக்கும். ஆபத்தை விற்றால் லாபத்தையும் சேர்த்தே விற்றதாகும்.

வரி விஷயமும் உண்டு. என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. ஜப்பானில் அப்படி இல்லை: கடந்த 10 ஆண்டுகளில் 5 ஆண்டுக்கு மேல் அங்கே வசித்தவருக்கு உலகில் எங்கே வந்த வருமானத்துக்கும் அங்கே வரி உண்டு. கடன் வாங்காமல், சம்பளத்தில் மிச்சம் பிடித்த யென்னை மாதாமாதம் கொஞ்சமாக அனுப்பி டெபாசிட் போடுவதே அவருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. மாதாமாதம் அனுப்பும்போது விலையும் சராசரியாகிவிடும்.

இனி அந்த ஆப். 10 மடங்கு என்றால் 5 லட்சம் கட்டி 50 லட்சத்துக்கு யென்னை விற்று வைப்பது. ஆண்டுக்கு 5 சதவீத வித்தியாசம் 50 சதவீதமாகத் தெரியும், காட்டி மயக்குவது அந்த எண்ணைத்தான். யென் 10 சதவீதம் ஏறினால் கட்டிய 5 லட்சமும் போய்விடும். 2024-இல் அதற்கு மேலேயே ஏறியது. அவ்வளவு தூரம் போக விடாமல் பாதி வழியிலேயே கணக்கை மூடிவிடுவார்கள், பிறகு விலை திரும்பினாலும் பயனில்லை. அதோடு, இந்தியாவில் வசிப்பவர் அனுமதியில்லாத மின்னணுத் தளங்களில் அந்நியச் செலாவணி வணிகம் செய்வது, அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவை மீறுவது; நடவடிக்கை வரும். வெளிநாட்டுக்கு மார்ஜின் பணம் அனுப்பவும் அனுமதி இல்லை. அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதே அனுமதி ஆகிவிடாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அப்பா பெயரில் கணக்கு என்றால் விளக்கம் கேட்கும் நோட்டீஸும் அப்பா பெயருக்கே வரும், நகையும் அடகில் இருக்கும்.