உசிலம்பட்டி பக்கம் கார் எடுக்க சர்வீஸ் சென்டரையும் பாக்கணுமா?

"எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம் கிராமம். சர்வீஸ் சென்டர் பக்கத்துல இருக்கறத பாத்துத்தான் கார் எடுக்கணுமா?"

வெறும் ஆயில் சர்வீஸ்னா மதுரைக்கு சுமார் 40 கிலோமீட்டர்தான, காலைல விட்டுட்டு சாயங்காலம் எடுத்துட்டு வந்துரலாம், அதுக்காக பிராண்ட மாத்த வேணாம். வண்டி ஓடாம நிக்கும்போதுதான் சிக்கலே. மண்ரோட்டுல கல்லு அடிச்சு இன்ஜினுக்கு அடில ஆயில் நிக்கிற சம்ப் ஓட்டையாச்சுன்னா ஸ்டார்ட்டே பண்ணக்கூடாது, இன்ஜின் சீஸ் ஆயிரும், டோ பண்ணித்தான் கொண்டு போகணும், போனாலும் பார்ட்ஸ் இல்லன்னா வண்டி அங்கயே கிடக்கும். மாருதிக்கு நாட்டுலயே பெரிய நெட்வொர்க், பார்ட்ஸ் வெளிக்கடைலயும் கிடைக்கும், ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகுன வண்டி. வேற பிராண்டுதான் பிடிச்சிருக்குன்னா புக் பண்றதுக்கு முன்னாடி பார்ட்ஸ் கவுண்டருக்கு ஒரு போன் போட்டு சம்ப், லோயர் ஆர்ம், கிளட்ச் செட் ஸ்டாக் இருக்கான்னு கேளுங்க, "ஆர்டர் போட்டாத்தாங்க வரும்"னா எத்தன நாள்னு கேளுங்க. சேல்ஸ்காரர்ட்ட மட்டும் கேக்காதீங்க, அவரு எல்லாம் இருக்குன்னுதான் சொல்வாரு. சின்ன ஊர்ல போர்டு தொங்குறத நம்பியும் ஏமாறாதீங்க, சிலதுல ஆயில், பிரேக் வேலையோட சரி, பாடி ஒர்க்குன்னா மதுரைக்குத்தான் தள்ளிவிடுவாங்க.