செட் 1 எழுதினேன், விடைக்குறிப்பு செட் 3-க்கு: கேள்வி பதில்

தங்கச்சிமடத்திலிருந்து: மாதிரித் தேர்வில் எனக்கு வந்தது செட் 1. கிடைத்திருக்கும் விடைக்குறிப்பு செட் 3-க்கு உரியது. அதை வைத்துத் திருத்தினால் 200-க்கு 52தான் வருகிறது. நான் அவ்வளவு மோசமாக எழுதவில்லை சார்.

எழுதியிருக்க மாட்டீர்கள் தம்பி. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் இருப்பதால், சம்பந்தமே இல்லாத விடைக்குறிப்போடு ஒப்பிட்டாலும் நான்கில் ஒன்று தற்செயலாகப் பொருந்தும். 200-க்கு ஏறக்குறைய 50. ஓரளவு படித்தவருக்கு இந்தக் கணக்கில் மதிப்பெண் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விடைக்குறிப்பைத்தான்.

செட் 3 எழுதிய யாரிடமாவது வினாத்தாளை வாங்குங்கள். அது கையில் இல்லாமல் வெறும் ஏ, பி, சி, டி பட்டியலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் தாளில் 37-வது கேள்வி, இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகம் எங்கே என்பது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சி-யை நிழலிட்டீர்கள். உங்கள் தாளில் சி என்பது பாக் விரிகுடா. செட் 3 தாளைப் புரட்டினால் அதே கேள்வி 112-வதாக இருக்கிறது. விடைக்குறிப்பில் 112-க்கு ஏ. உடனே தவறு என்று அடித்துவிடாதீர்கள். செட் 3 தாளில் 112-வது கேள்விக்கு ஏ-யில் என்ன அச்சாகியிருக்கிறது? பாக் விரிகுடா. ஆகவே உங்கள் விடை சரி. செட் 3 தாளின் ஓரத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் தாளின் எண்ணைப் பென்சிலால் குறித்துக்கொண்டு போனால் எதுவும் விடுபடாது.

மண்டபத்திலிருந்து: கேள்வி எண்ணை மட்டும் மாற்றிப் பார்த்தால் போதுமே. ஏ, பி, சி, டி மாறாது. எங்கள் பயிற்சி வகுப்பில் அப்படித்தான் திருத்துகிறோம்.

உங்கள் வகுப்பில் அது சரியாகவே இருக்கலாம். கேள்விகளின் வரிசையை மட்டும் கலைத்து அச்சிடுபவர்கள் உண்டு. ஆனால் அதை எப்படி உறுதி செய்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. ஆண்டு, எண்ணிக்கை கேட்கும் கேள்விகளை வைத்துச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். அவற்றின் விடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குவது வழக்கம் என்பதால் எல்லா செட்டிலும் ஒரே வரிசையில் நிற்கும். 'மேற்கண்ட அனைத்தும்' என்பதும் அப்படித்தான், அதைக் கடைசி இடத்திலிருந்து நகர்த்த முடியாது. ஊர்ப்பெயர், ஆட்பெயர் விடையாக வரும் ஐந்தாறு கேள்விகளை எடுத்து இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தாலும் உங்கள் முறை செல்லாது.

இன்னும் வில்லங்கமானவை கூற்றுக் கேள்விகளும் 'பொருத்துக' கேள்விகளும். சில தாள்களில் உள்ளிருக்கும் கூற்றுகளையே இடம் மாற்றியிருப்பார்கள். உங்கள் தாளில் முதலாவதாக இருக்கும் கூற்று அங்கே இரண்டாவதாக இருந்தால், உங்கள் '1 மட்டும் சரி'யும் அங்குள்ள '2 மட்டும் சரி'யும் ஒரே விடை. எழுத்தை விடுங்கள், விடையின் வாசகத்தை ஒப்பிட்டால்கூடத் தவறாகிவிடும். எந்தக் கூற்றைச் சொல்கிறது என்று படித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பொருத்துகவில் ஒவ்வொரு இணையாகப் பாருங்கள்.

தொண்டியிலிருந்து: நான் ஓஎம்ஆர் தாளில் செட் எண்ணையே நிழலிட மறந்துவிட்டேன். இதே முறையில் சரிசெய்துகொள்ளலாமா?

இது வேறு விவகாரம் அண்ணே. இங்கே பேசுவது வீட்டில் உட்கார்ந்து மதிப்பெண் பார்ப்பதைப் பற்றி. உங்கள் தாளை எப்படித் திருத்துவார்கள், மதிப்பெண் குறைப்பார்களா, செல்லாததாக்குவார்களா என்பது அந்தத் தேர்வின் அறிவிக்கையில் இருக்கும். அதைப் படித்துவிட்டுத் தேர்வு நடத்தியவர்களிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

கீழக்கரையிலிருந்து: மகன் ஜேஇஇ மெயின் எழுதினான். விடைக்குறிப்பில் ஏ, பி எதுவுமே இல்லை, நீளமான எண்கள்தான் இருக்கின்றன. இவனுடைய செட் எது?

கணினித் தேர்வில் செட்டைத் தேட வேண்டியதில்லை லாத்தா. ஒவ்வொரு கேள்விக்கும் Question ID உண்டு, ஒவ்வொரு விடைக்கும் தனி Option ID உண்டு. மகனுடைய விடைப் பதிவில் Chosen Option 3 என்று இருந்தால், அதே கட்டத்தில் Option 3 ID என்னவென்று பாருங்கள். விடைக்குறிப்பில் அந்தக் கேள்விக்கு நேராக அதே எண் இருந்தால் சரி. 3 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடாதீர்கள். எண்ணையே விடையாகத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் அந்த மதிப்பை நேரடியாகப் பார்க்கலாம்.

மீண்டும் தங்கச்சிமடத்திலிருந்து: சார், நீங்கள் சொன்னபடி பார்த்தேன், 141 வருகிறது. இப்போது செட் 1 விடைக்குறிப்பும் கிடைத்துவிட்டது, அதில் 139. இரண்டு கேள்விகளுக்கு இரண்டு குறிப்பும் வேறு வேறு விடை சொல்கின்றன.

அந்த இரண்டில் கூற்றுக் கேள்வி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்களே தவறாக இணைத்திருக்கலாம். இணைத்தது சரி என்றால் ஏதோ ஒரு குறிப்பில் அச்சுப்பிழை. எதில் என்று இந்த முறையால் கண்டுபிடிக்க முடியாது, பாடநூலைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு தாள்களின் கேள்வி எண்ணையும் பாடநூல் பக்கத்தையும் குறித்து, தேர்வு நடத்தியவர்களுக்கு அனுப்புங்கள். அதுவரை 139 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.