கோரஸின் அடியில் ஸ்ட்ரிங்ஸ்: பாடகி நிற்கும்போது வயலின் நகரட்டும்

"மெதுவான ஒரு பாலட் பாடலுக்கு இசை அமைத்திருக்கிறேன். கோரஸில் பியானோவும் குரலும் நன்றாக இருக்கின்றன. ஸ்ட்ரிங்ஸ் சேர்த்தவுடன் எல்லாம் குழம்பி, பாடகியின் வார்த்தைகளே கேட்காமல் போகின்றன. நீண்ட சுரங்கள், மெல்லிய எழுச்சி, மேலே ஒரே ஒரு எதிர்மெட்டு. இவ்வளவுதான் எனக்கு வேண்டும். எப்படி எழுதுவது?"

குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒலியளவு அன்று. ஸ்ட்ரிங்ஸ் குரல் இருக்கும் உயரத்திலேயே உட்கார்ந்துகொண்டு, குரல் அசையும்போதெல்லாம் தானும் அசைவதுதான் காரணம். ஆகவே முதலில் இடத்தைப் பிரித்துவிடுங்கள், பிறகு நேரத்தைப் பிரியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஜி மேஜரில் எட்டு பார் கோரஸ், நிமிடத்துக்கு 60 பீட். ஒரு பார் சரியாக 4 விநாடி. முதல் நான்கு பார்களின் கோர்டுகள் ஜி, எஃப் ஷார்ப்பை அடிச்சுரமாகக் கொண்ட டி, ஈ மைனர், சி. பாடகியின் மெட்டு நடு சிக்கு மேலுள்ள ஈயிலிருந்து அதே ஆக்டேவின் பி வரை உலவுகிறது. ஒற்றைப்படை பார்களில் வார்த்தைகள் வருகின்றன. இரட்டைப்படை பார்களில் மூன்றாவது பீட்டிலிருந்து ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கிறார்.

அடித்தளத்துக்கு மூன்றே வரிகள் போதும். செல்லோ நடு சிக்குக் கீழுள்ள ஜியில் தொடங்கி எஃப் ஷார்ப், ஈ, சி என்று இறங்கட்டும். வயோலா நடு சியை ஒட்டிக் கீழேயுள்ள பியில் தொடங்கி ஏ, ஜி, மீண்டும் ஜி. இரண்டாம் வயலின் நடு சிக்கு மேலுள்ள டியை இரண்டு பார், அதற்கடுத்த ஈயை இரண்டு பார். அவ்வளவுதான். இரண்டாம் வயலினுக்கு நான்கு பார்களில் இரண்டே சுரங்கள் என்பது எழுதும்போது வெறுமையாகத் தெரியும். ஆனால் ஒரு கோர்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பொதுவான சுரத்தை அப்படியே பிடித்துக்கொள்வதால்தான் ஸ்ட்ரிங்ஸ் ஒரே மூச்சாகக் கேட்கிறது. பியானோவில் கை தாவுவதுபோல மூன்று வரிகளும் ஒன்றாகத் தாவினால், காது குரலை விட்டுவிட்டு அந்தத் தாவலைத்தான் பின்தொடரும்.

ஈ மைனரில் இந்த மூன்று வரிகளில் பி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றே விட்டதுதான், பியானோவிடம் அது இருக்கிறது. எல்லாச் சுரங்களையும் ஸ்ட்ரிங்ஸே சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செல்லோவுக்குக் கீழே டபுள் பாஸ் வேண்டுமென்றால் ஒரு ஆக்டேவ் கீழே அதே வரியை வாசிக்கலாம். பேஸ் கிட்டார் ஏற்கெனவே இருந்தால் அதுவும் தேவையில்லை.

இப்போது இரண்டாம் வயலினின் ஈக்கு மேலே ஏறத்தாழ ஒரு ஆக்டேவ் காலியாக இருக்கிறது. அது பாடகியின் அறை. எதிர்மெட்டு அந்த அறைக்கும் மேலே, அடுத்த ஆக்டேவின் டியில் தொடங்கவேண்டும்.

முதல் பாரில் முதல் வயலின் அந்த டியை அசையாமல் பிடிக்கிறது. இரண்டாம் பாரிலும் இரண்டு பீட் அதே டி. மூன்றாவது பீட்டில் பாடகி சுரத்தை நீட்டிப் பிடித்ததும் வயலின் ஈக்கும், நான்காவது பீட்டில் எஃப் ஷார்ப்புக்கும் ஏறி, மூன்றாம் பாரில் ஜியில் போய் நிற்கிறது. பாடகி மீண்டும் வார்த்தைகளைத் தொடங்கும்போது வயலின் மறுபடி அசைவற்றிருக்கிறது. நான்காம் பாரில் ஜி இரண்டு பீட், ஈ இரண்டு பீட். அங்கிருந்து ஐந்தாம் பாரின் டிக்கு இறக்கம். ஒருவர் நிற்கும்போது மற்றவர் நடக்கிறார். இந்த ஒரு விதியை மீறினால்தான் வார்த்தைகள் புதைகின்றன.

பிந்தைய நான்கு பார்களில் ஜி, எஃப் ஷார்ப் மேல் டி, சி, டி என்று கோர்டுகள் போகின்றன. ஐந்தும் ஆறும் முன்போலவே. ஏழாம் பாரில் செல்லோ சி, வயோலா ஜி, இரண்டாம் வயலின் ஈ, மேலே முதல் வயலின் ஜி. எட்டாம் பாரில் டி கோர்டுக்கு எல்லோரையும் ஒரு படி மேலே தள்ளுவதுதான் கைக்கு எளிது. அப்படிச் செய்யாதீர்கள், நான்கு வரிகளும் ஒரு பலகைபோலச் சரியும். செல்லோ டிக்கு ஏறட்டும், இரண்டாம் வயலின் டிக்கு இறங்கட்டும், வயோலாவும் முதல் வயலினும் ஜியிலேயே இரண்டு பீட் காத்திருக்கட்டும். மூன்றாவது பீட்டில் வயோலா எஃப் ஷார்ப்புக்கு இறங்கும் அதே கணத்தில் முதல் வயலின் ஏவுக்கு ஏறவேண்டும். கோரஸின் மிக உயரமான சுரம் அதுதான், ஒரே ஒரு முறைதான் வரவேண்டும். பியானோவும் அந்த முதல் இரண்டு பீட்டில் எஃப் ஷார்ப்பை விட்டு ஜியை வாசிக்கவேண்டும், இல்லாவிட்டால் உரசும். நான் இந்த வேலையில் மிகவும் நேசிக்கும் கணம் இது. காத்திருந்த ஜி இரண்டு பக்கமாகவும் பிரிந்து திறப்பதைக் கேட்டால் தோலில் உணரலாம்.

எழுச்சியும் இதே நேரக் கணக்கில்தான் வரவேண்டும். இரண்டாம் பாரின் தொடக்கத்தில் மெதுவாகக் கிளம்பி, நான்காவது பீட்டில் உச்சம் தொட்டு, மூன்றாம் பாரின் முதல் பீட்டுக்குள் அடங்கிவிடவேண்டும். நான்காம் பாரில் எழுச்சியே வேண்டாம். ஆறாம் பாரில் சற்றுப் பெரியது, எட்டாம் பாரில் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஒவ்வொரு பாரிலும் ஒரே அளவில் பொங்கி அடங்கினால் கேட்பவருக்குப் படகில் ஆடும் உணர்வுதான் மிஞ்சும்.

கலைஞர்கள் வாசிப்பதாக இருந்தால் வில்லின் திசையையும் யோசியுங்கள். என் தொடக்க காலத்தில் ஓர் ஒலிப்பதிவில் எழுச்சி மேலெழவே இல்லை. முன்வரிசை வயலின் கலைஞர் பென்சிலை எடுத்து, எழுச்சியுள்ள பாரின்மேல் மேல்வில் குறியை மட்டும் போட்டார். அடுத்த முறையே அது மலர்ந்தது. வில் நுனியிலிருந்து கைப்பிடியை நோக்கி வரும்போது கையின் எடை இயல்பாகக் கூடுகிறது. கீழ்வில்லில் அது குறைகிறது. இந்த வேகத்தில் ஒரு பாருக்கு ஒரு வில் வசதியாக இருக்கும். இரண்டு பாரை ஒரே வில்லில் மெல்ல வாசிக்கலாம், ஆனால் பொங்குவதற்கு வில் மிஞ்சாது.

கணினியில் மாதிரி ஒலிகளைப் பயன்படுத்துகிறவர்கள் எழுச்சியை வெறும் ஒலியளவால் வரையக் கூடாது. உண்மையான வயலின் பலமாகும்போது ஒலி பெருகுவதோடு பிரகாசமும் கூடுகிறது. பல ஸ்ட்ரிங்ஸ் தொகுப்புகளில் அந்த மாற்றத்தை CC1 என்ற மிடி கட்டுப்பாடு தருகிறது, CC11 ஒலியளவை மட்டும் ஏற்றுகிறது. உங்கள் தொகுப்பில் எது எதைச் செய்கிறது என்று ஒரே சுரத்தை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு CC1 கோட்டை 40 அளவில் தொடங்கி 80 வரை வளைவாக ஏற்றிப் பாருங்கள். மெதுவாகத் தொடங்கும் ஒலிகள் பீட்டுக்குப் பிந்திக் கேட்கும். அப்போது காதை நம்பி, சுரங்களைச் சற்று முன்னால் நகர்த்துங்கள்.

பாடுபவர் ஆணாக இருந்து மெட்டு ஒரு ஆக்டேவ் கீழே போனால், வயோலா அவருடைய அறைக்குள் வந்துவிடும். அந்த வரியை ஒரு ஆக்டேவ் உயர்த்தி வயலினிடம் கொடுத்துவிடுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று அறிய, ஸ்பீக்கரை மிகமிகக் குறைத்து, பாடலை அறியாத ஒருவரிடம் கோரஸின் வரிகளை எழுதச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை தவறினால், அந்த இடத்தில் முதல் வயலின் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். அது அசைந்துகொண்டிருந்தால் அந்தச் சுரத்தை அழித்து, முந்தையதை நீட்டிவிடுங்கள்.